ஸ்கோர் புக் படத்தைப் பட்டியலாக்குகிறேன்: பேட்டிங் கணக்கு சரி, பவுலிங்கில் 5 ரன் காணவில்லை

மைதான மூலை

எங்கள் கிளப்பின் 2019 சீசன் ஆட்டங்களையெல்லாம் ஒரே இடத்தில் பட்டியலாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு ஸ்கோர் புக் எங்களிடம் இல்லை, எதிரணிக்காரர்களிடம் இருக்கிறது. அவர்கள் மொபைலில் எடுத்து அனுப்பிய ஒரே ஒரு படம்தான் கையில் உள்ளது. படம் மோசமில்லை, ஆனால் பக்கத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. அதனால் பவுலர்களின் இறுதி எண்கள் இருக்கும் பத்தி தெரியவில்லை. ஓவர் கட்டங்கள் எல்லாம் தெரிகின்றன. சரி, கட்டங்களை நானே கூட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் இன்னிங்ஸ்: 30 ஓவர், 163 ரன், 8 விக்கெட். இது பக்கத்தின் அடியில் தெளிவாக எழுதியிருக்கிறது. பேட்டிங் நான் படித்தபடி வரிசையாக 23, 8, 47, 12, 0, 21, 15, 4, அப்புறம் ஆட்டமிழக்காமல் 6, 2. மொத்தம் 138. எக்ஸ்ட்ரா பை 6, லெக் பை 5, வைடு 11, நோ பால் 3, ஆக 25. 138-ம் 25-ம் 163. கச்சிதம்.

பவுலிங் பக்கம்தான் உதைக்கிறது. ஐந்து பேரும் தலா 6 ஓவர். நான் கூட்டியது 24, 31, 34, 22, 36. மொத்தம் 147. பையும் லெக் பையும் 11 சேர்த்தால் 158. 163-க்கு 5 குறைகிறது. இரண்டு ராத்திரி மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே 147. எங்கே தேடுவது?

வடக்குத்தெரு வேகம்

இதுக்குத்தான் அண்ணே மொபைல்ல ஸ்கோர் போடுற ஆப் இருக்கு. நாங்க ரெண்டு வருஷமா அதுலதான் போடுறோம், பந்துக்குப் பந்து அதுவே கூட்டிக்கும். அடுத்த மேட்ச்ல இருந்து மாத்திடுங்க.

மைதான மூலை

தம்பி, இது 2019-ல் முடிந்துபோன ஆட்டம். அதைத் திரும்ப ஆட முடியாது.

சுழல்

விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. குறைவது 5, லெக் பை 5. கட்டங்களைக் கூட்டும்போது லெக் பை முக்கோணங்களை விட்டுவிட்டுக் கூட்டியிருப்பீர்கள், சரிதானே? அங்கேதான் தவறு. பை என்பது கீப்பர் விட்டது, அதைப் பவுலர் தலையில் கட்டக்கூடாது. லெக் பை அப்படி இல்லை, பந்து ஆட்டக்காரர் மேல் பட்டுப் போகிறது, அதனால் அது பவுலர் கணக்கில் வரும். இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 163-லிருந்து பை, லெக் பை இரண்டையும் கழித்தால் 152, பவுலிங் பத்தியில் வர வேண்டியது இதுதான். உங்கள் 147-உடன் லெக் பை 5 சேர்த்தால் அதே 152. முடிந்தது வேலை.

மைதான மூலை

அட, ஆமாம்! முக்கோணங்களை எல்லாம் விட்டுத்தான் கூட்டினேன். எந்தப் பவுலருக்கு எத்தனை லெக் பை என்று பிரித்துச் சேர்த்துவிடுகிறேன். நன்றி சுழல்.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் பொறுங்கள், சேர்த்துவிடாதீர்கள். முக்கோணங்களை விட்டுக் கூட்டியது சரி. மேல்நோக்கிய முக்கோணம் பை, கீழ்நோக்கியது லெக் பை, இரண்டுமே பவுலர் கணக்கில் வராது. சுழல் சொன்ன 152 சரியான இலக்கு, அதை அடையச் சொன்ன வழிதான் தவறு. லெக் பையைப் பவுலருக்குள் போட்டுவிட்டால் வெளியே மறுபடி சேர்க்க முடியாது. அப்போது பவுலிங் 152, அதனுடன் பை 6 மட்டும், ஆக 158. அதே 5 இன்னும் குறைகிறது. ஒரே லெக் பையை இரண்டு இடத்தில் எண்ணியதால்தான் கணக்கு நேரானது போலத் தெரிந்தது.

வித்தியாசமும் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் உடனே அதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். நான் ஸ்கோர் போட ஆரம்பித்த காலத்தில் இப்படி எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். எக்ஸ்ட்ரா நான்கும் சின்ன எண்கள், எந்த வித்தியாசத்துக்கும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும்.

நீங்கள் இதைச் செய்யுங்கள். ரன்னை மறந்துவிட்டுக் கட்டங்களில் உள்ள குறிகளை மட்டும் எண்ணுங்கள். புள்ளி, எண், கூட்டல் குறி, வட்டம், முக்கோணம், W, எதுவானாலும் ஒரு பந்துக்கு ஒரு குறி. முப்பது கட்டத்திலும் மொத்தம் எத்தனை? கூடவே வைடு பெட்டியிலும் நோ பால் பெட்டியிலும் கூட்டுத்தொகை மட்டுமா இருக்கிறது, அல்லது ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அப்படியே இங்கே தட்டுங்கள்.

சுழல்

லெக் பை பவுலருக்குச் சேரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் டென்னிஸ் பால் போட்டிகளில் அப்படித்தான் எழுதுவார்கள்.

கணக்குப்பிள்ளை

எழுதுவார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அங்கே பவுலர் கணக்கை யாரும் அப்புறம் எடுத்துப் பார்ப்பதில்லை, அதனால் சண்டை வருவதில்லை.

மைதான மூலை

எண்ணிவிட்டேன். மொத்தம் 190 குறிகள். வைடு பெட்டியில் `1 1 1 5 1 1 1` என்று இருக்கிறது, நோ பால் பெட்டியில் `1 1 1`.

கணக்குப்பிள்ளை

நல்லது. 30 ஓவருக்கு 180 முறையான பந்து. வைடு 11 ரன் என்றாலும் வைடாகப் போட்ட பந்துகள் ஏழுதான். நோ பால் மூன்று. 180, 7, 3, ஆக 190. உங்கள் எண்ணிக்கையும் அதேதான். அப்படியென்றால் நீங்கள் எந்தப் பந்தையும் தவறவிடவில்லை, எதையும் இரண்டு தடவை எண்ணவும் இல்லை. இருக்கும் குறி ஒன்றுக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். இனி மங்கலான புள்ளிகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைடு பெட்டியில் நடுவில் ஒரு 5 நிற்கிறதே, அது எந்த ஓவர் கட்டத்தில் இருக்கிறது? வைடு பந்து கீப்பரைத் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போனால் ஐந்து ரன்னும் வைடு கணக்கில்தான் ஏறும், ஐந்தும் பவுலர் தலையில்தான் விழும். கட்டத்தில் அது தனி எண்ணாக வராது. கூட்டல் குறி போட்டு அதன் நாலு மூலையிலும் நாலு புள்ளி வைப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மைதான மூலை

கிடைத்துவிட்டது! மூன்றாவது பவுலரின் நாலாவது ஓவர். கட்டத்தில் ஏழு குறிகள், புள்ளி, 1, கூட்டல் குறி, 1, புள்ளி, 4, புள்ளி. நான் கூட்டல் குறிக்கு 1 போட்டு ஓவருக்கு 7 என்று எழுதியிருந்தேன். பெரிதாக்கினால் நாலு மூலையிலும் ஊசிமுனை போலப் புள்ளிகள். பேனா மை தெறித்தது என்று நினைத்திருந்தேன். அப்படியானால் ஓவருக்கு 11.

அந்தக் கட்டத்தின் கீழே சின்னதாக `28` என்று இருக்கிறது. எல்லாக் கட்டத்தின் கீழும் இப்படி ஏதோ எண் இருக்கிறது. அணியின் ஸ்கோராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

அடடா, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை சுற்று தேவைப்பட்டிருக்காது. அது அந்தப் பவுலர் அந்த ஓவர் முடியும்வரை கொடுத்த ரன், ஓவருக்கு ஓவர் கூட்டிக்கொண்டே வருவது. நல்ல ஸ்கோரர் ஒவ்வொரு ஓவர் முடிவிலும் போட்டுவிடுவார். வலது ஓரம் வெட்டுப்பட்டாலும் ஆறாவது கட்டத்தின் கீழ் எண்ணே அவருடைய இறுதிக் கணக்கு. மூன்றாவது பவுலருக்கு ஆறு எண்களையும் படியுங்கள்.

மைதான மூலை

7, 12, 17, 28, 33, 38. நான் கூட்டியது மூன்றாவது ஓவர் வரை இதேதான், நாலாவதில் 24 என்று நாலு குறைந்து, கடைசியில் 34-இல் நிற்கிறது. சரி, 34 இல்லை, 38. இன்னும் 1 பாக்கி.

நீலப்பேனா

நடுவில் நுழைகிறேன். நான் இந்த மாதிரிப் பக்கங்களை நிறைய ஏற்றியிருக்கிறேன். இரண்டு சமன்பாடுகளைப் பட்டியலுக்குக் கீழேயே போட்டுவைத்தால் ஒவ்வொரு எண்ணைத் திருத்தும்போதும் எவ்வளவு பாக்கி என்று தெரியும். C பத்தியில் பேட்டிங் ரன், H-இல் பவுலர் கொடுத்த ரன், B14 முதல் B18 வரை பை, லெக் பை, வைடு, நோ பால், பெனால்டி என்ற வரிசை, B20-இல் பக்கத்தில் எழுதியிருக்கும் மொத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
=SUM(C2:C11)+SUM(B14:B18)-B20
=SUM(H2:H6)+B14+B15+B18-B20
```

இரண்டும் 0 காட்ட வேண்டும். B20-இல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூட்டல் சூத்திரம் போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணைக் கையால் அடியுங்கள். சூத்திரம் போட்டால் என்ன தப்பு நடந்தாலும் அது 0-தான் காட்டும்.

ஓவர் பத்தியிலும் ஒரு வம்பு உண்டு. உங்களுக்கு எல்லாரும் முழு ஆறு ஓவர் என்பதால் தப்பித்தீர்கள். 5.4 என்றால் ஐந்து ஓவரும் நாலு பந்தும், மொத்தம் 34 பந்து. கணினிக்கு அது வெறும் தசம எண். இரண்டு பேர் 5.4 போட்டிருந்தால் அது 10.8 என்று கூட்டும், உண்மையில் 11.2. பந்துகளாக மாற்றி வைத்துக்கொண்டு கடைசியில்தான் ஓவராக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

நல்ல யோசனை. அந்த 1-க்கு வருவோம். நோ பால் வட்டங்கள் மூன்றும் எப்படி இருக்கின்றன? வட்டத்துக்குள் ஏதாவது எண் உண்டா?

மைதான மூலை

இரண்டு வெறும் வட்டம். ஐந்தாவது பவுலரின் இரண்டாவது ஓவரில் மட்டும் வட்டத்துக்குள் 2. அதை 2 என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை

அது 3. நோ பாலுக்கு 1, மட்டையால் அடித்தது 2. அந்த 2 பேட்ஸ்மேன் கணக்கில், 1 நோ பால் பெட்டியில், பவுலருக்கு மூன்றும். பெட்டியில் `1 1 1` என்று இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. வட்டத்துக்குள் இருக்கும் எண் நோ பால் ரன்னையும் சேர்த்ததா, சேர்க்காததா என்பதில் ஸ்கோரருக்கு ஸ்கோரர் வழக்கம் மாறும். இவர் சேர்க்காமல் எழுதுகிறவர் என்பது கட்டத்தின் கீழ் எண்ணைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

மைதான மூலை

பார்த்துவிட்டேன், உறுதி. ஐந்தாவது பவுலர் கடைசிக் கட்டத்தில் 37. ஆக 24, 31, 38, 22, 37. மொத்தம் 152. நீலப்பேனாவின் இரண்டு சூத்திரமும் 0. எல்லாருக்கும் நன்றி, ஏற்றிவிடுகிறேன்.

சுழல்

விக்கெட்? பவுலர்களுக்கு 1, 2, 1, 3, 0 என்று ஏழுதானே வரும் போலிருக்கிறது, அணிக்கு எட்டு.

மைதான மூலை

ஒன்று ரன் அவுட், அது பவுலருக்குப் போகாது. அது ஒன்றாவது எனக்கு முன்பே தெரியும்!

கணக்குப்பிள்ளை

ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை. பவுலிங்கைக் கட்டம் கட்டமாகக் கூட்டினீர்கள். பேட்டிங்கை எப்படி எடுத்தீர்கள்? ஒவ்வொருவர் வரியிலும் இருக்கும் ரன்களைக் கூட்டினீர்களா, இல்லை ஓரத்தில் உள்ள இறுதி எண்ணை மட்டும் பார்த்து எழுதினீர்களா?

மைதான மூலை

இறுதி எண்ணைத்தான். அதுதான் 138 என்று கச்சிதமாகக் கூடிவிட்டதே.

கணக்குப்பிள்ளை

கூடியது, சரி. இருந்தாலும் பத்துப் பேர் வரியையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். கையெழுத்தில் 1-ம் 7-ம் குழம்பும், 0-ம் 6-ம் குழம்பும். இறுதி எண்ணில் அது தெரியவே தெரியாது. ரன் வரிசையில் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரே பந்தில் யாரும் ஏழு ரன் எடுத்திருக்க மாட்டார்கள். அங்கே 7 போலத் தெரிந்தால் அது 1-தான்.

மைதான மூலை

நான் இதை நம்பவில்லை. கூட்டிவிட்டு அரைமணி நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மூன்றாவது ஆட்டக்காரர் வரி: `1 4 4 1 2 1 6 1 1 4 2 1 4 1 1 2 1 4`. கூட்டினால் 41. நான் எழுதியது 47. ஆறாவது ஆட்டக்காரர்: `1 2 4 1 1 4 6 1 2 4 1`. கூட்டினால் 27. நான் எழுதியது 21. இந்த ஸ்கோரர் 1-க்கு மேலே ஒரு கொக்கி போடுகிறார், 7-க்குக் கொக்கி சின்னது. ஒன்றில் 6 கூட்டிப் படித்தேன், மற்றதில் அதே 6-ஐக் குறைத்துப் படித்தேன். மொத்தம் அசையவே இல்லை. மற்ற எட்டுப் பேர் வரியும் சரி.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த மூன்றாவது ஆட்டக்காரர் அன்றைக்கு 47 அடித்ததாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் யார் போய்ச் சொல்வது?

வடக்குத்தெரு வேகம்

சொல்லாதீங்கண்ணே. பாவம்.

கணக்குப்பிள்ளை

அந்த ஆறாவது ஆட்டக்காரருக்கு ஆறு ரன் போயிருக்குமே, அவர் பாவம் இல்லையா!

இரண்டு சமன்பாடும் 0 காட்டினாலும் ஒரே பத்திக்குள் இடம் மாறிய ரன் அதில் விழாது. ஒரு பேட்ஸ்மேனின் ரன் இன்னொருவருக்குப் போனாலும், ஒரு பவுலரின் ஓவர் இன்னொருவர் வரியில் ஏறினாலும் மொத்தம் அப்படியே இருக்கும். அதனால்தான் வரிக்குள்ளே போய்க் கூட்டச் சொன்னேன். இந்தப் புத்தகத்தில் பேட்ஸ்மேன் வரியில் புள்ளிப் பந்துகளையும் போட்டிருந்தால் சந்தித்த பந்துகளையும் சரிபார்த்திருக்கலாம். வைடு ஆடிய பந்தாகக் கணக்கில் வராது, நோ பால் வரும். அதனால் எல்லாருடைய பந்தும் சேர்ந்து 183 வந்திருக்க வேண்டும். இவர் ரன்னை மட்டும் எழுதுகிறவர் போலிருக்கிறது.

தாமிரபரணி

எனக்கும் இதே தலைவலி, ஆனால் வேறு மாதிரி. அப்பா 1991-இல் எழுதிய ஸ்கோர் புக் பீரோவில் கிடந்தது, அதைப் படம் எடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், படிப்பதில் குழப்பமே இல்லை. ஆனாலும் ஒரு பக்கத்தில்கூடப் பவுலிங் கூடவில்லை. உதாரணத்துக்கு ஒன்று: மொத்தம் 118. பேட்டிங் 101, எக்ஸ்ட்ரா 17, அதில் பை 4, லெக் பை 3, வைடு 6, நோ பால் 4. நீலப்பேனா சொல்கிறபடி பவுலிங் 111 வர வேண்டும். அப்பா எழுதியிருப்பது 101. இன்னொரு பக்கத்திலும் இப்படித்தான், வைடும் நோ பாலும் எவ்வளவோ சரியாக அவ்வளவு குறைகிறது. அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நம்ப மனம் வரவில்லை, அவர் வங்கியில் காசாளராக இருந்தவர்.

கணக்குப்பிள்ளை

அம்மா, உங்கள் அப்பா கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவர் பழைய முறையில் எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் வைடும் நோ பாலும் எக்ஸ்ட்ராவில் மட்டும்தான் ஏறும், பவுலர் கணக்கில் வராது. டெஸ்ட் ஆட்டங்களிலேயே 1980-களில்தான் இது மாறியது. உள்ளூரில் பழகின கை 1991-லும் பழையபடி எழுதியதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பக்கத்துக்கு மொத்தத்திலிருந்து எக்ஸ்ட்ரா முழுவதையும் கழித்தால் பவுலிங் வர வேண்டும். 118-இல் 17 போனால் 101. சரியாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் வித்தியாசம் வந்தால் படித்ததில் பிழை என்று தேடலாம். எல்லாப் பக்கத்திலும் வைடு, நோ பால் அளவுக்கே வித்தியாசம் வந்தால் அது எழுதியவரின் முறை.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் நோ பாலை மட்டையால் அடித்து ரன் எடுத்தால் அடித்த ரன் மட்டும்தான், தனியாக அந்த 1 கிடையாது. நோ பாலுக்கான 1 எப்போதும் கூடவே சேரும் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வந்தது. அதனால் மைதான மூலையின் 2019 பக்கத்தில் வட்டத்துக்குள் 2 என்றால் 3, உங்கள் அப்பாவின் பக்கத்தில் வட்டத்துக்குள் 2 என்றால் வெறும் 2. வட்டங்களின் எண்ணிக்கை நோ பால் பெட்டியில் உள்ள ரன்னைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் அவர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்.

தாமிரபரணி

அந்தப் பக்கத்தில் ஆறு வட்டம், பெட்டியில் 4. இரண்டு வட்டத்துக்குள் எண் இருக்கிறது, ஒன்றில் 4, ஒன்றில் 1. நீங்கள் சொன்னபடியேதான். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், "உங்கப்பா தப்புப் போட மாட்டாருடி" என்றார்.

நீலப்பேனா

அப்படியானால் ஏற்றும்போது புது முறைக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது என்பேன். வைடு எந்தப் பவுலர் போட்டது என்று கட்டத்தில் தெரிகிறதே, பிரித்துச் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் 1991 பவுலர்களின் சராசரியும் 2019 பவுலர்களின் சராசரியும் ஒரே பட்டியலில் நிற்கும்போது பழையவர்கள் சும்மாவே நன்றாகத் தெரிவார்கள்.

கணக்குப்பிள்ளை

எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏடு எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றி, பக்கத்தில் "வைடு, நோ பால் பவுலருக்குச் சேரவில்லை" என்று குறிப்பு வையுங்கள். பழைய டெஸ்ட் கணக்குகளை யாரும் திருத்தி எழுதவில்லை.

நீலப்பேனா

டெஸ்டுக்குப் பந்துக்குப் பந்து ஏடு எல்லாவற்றுக்கும் கையில் இல்லை, அதனால் திருத்தவில்லை. தாமிரபரணியிடம் கட்டங்கள் இருக்கின்றன. வேண்டுமென்றால் இரண்டு பத்தி வைக்கலாம், எழுதியது ஒன்று, மாற்றியது ஒன்று.

கணக்குப்பிள்ளை

இரண்டு பத்தி என்றால் சரி. எழுதியதை அழிக்காத வரைக்கும் எனக்குச் சண்டை இல்லை.

சுழல்

ஒரு சந்தேகம். பேட்டிங் பத்தியும் பவுலிங் பத்தியும் ஒரே எண்ணாக வந்தால் பழைய முறை என்று அர்த்தமா? தாமிரபரணிக்கு இரண்டும் 101.

கணக்குப்பிள்ளை

அது மட்டும் போதாது. 1956-இல் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் பத்து விக்கெட்டும் எடுத்த இன்னிங்ஸைப் பாருங்கள். ஆஸ்திரேலியா 205. மெக்டொனால்ட் 89, கிரெய்க் 38, பர்க் 33, பெனோ 18, லிண்ட்வால் 8, மேடாக்ஸ் 2, ஜான்சன் 1, மற்ற நாலு பேரும் பூஜ்யம். மொத்தம் 189. பவுலிங்கில் ஸ்டேதம் 15, பெய்லி 31, லேக்கர் 53, லாக் 69, ஓக்மன் 21, அதுவும் 189. எக்ஸ்ட்ரா 16-இல் பை 12, லெக் பை 4, வைடும் இல்லை, நோ பாலும் இல்லை. இந்த இன்னிங்ஸைப் பழைய முறையில் எழுதினாலும் இன்றைய முறையில் எழுதினாலும் அதே எண்கள்தான் வரும். வைடோ நோ பாலோ இருக்கும் பக்கத்தை வைத்துத்தான் எழுதியவர் எந்த முறை என்று முடிவு செய்ய வேண்டும்.

நீலப்பேனா

படம் எடுப்பதைப் பற்றியும் ஒன்று. மைதான மூலை, அவர்களிடம் இன்னொரு படம் கேட்க முடிந்தால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் போட்டால் பளபளக்கும் மையில் நடுக்கட்டங்கள் வெளுத்துப்போகும். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் நடுத் தையல் பக்கம் வளைந்து கடைசிப் பத்தி நசுங்கும். பேட்டிங் பாதி ஒரு படம், பவுலிங் பாதி ஒரு படம் என்று நேர் மேலிருந்து எடுத்தால் அந்த நாலு புள்ளியெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

மைதான மூலை

கேட்டிருக்கிறேன். புத்தகத்தை வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறாராம், பொங்கலுக்குத்தான் வருவார்.

இப்போது இன்னொரு சிக்கல். நீங்கள் சொன்னபடி எல்லாக் குறியையும் பெட்டிகளோடு ஒப்பிட்டேன். வைடு சரி, நோ பால் சரி. முக்கோணங்கள் இடிக்கின்றன. பை பெட்டியில் `4 1 1`, லெக் பை பெட்டியில் `1 1 2 1`. ஆக மூன்று மேல்நோக்கிய முக்கோணம், நாலு கீழ்நோக்கியது இருக்க வேண்டும். எனக்கு மேல்நோக்கி நாலு, கீழ்நோக்கி மூன்று தெரிகின்றன. அதாவது கட்டங்களின்படி பை 7, லெக் பை 4. மொத்தம் அதே 11, சூத்திரம் இரண்டும் 0-தான். எதை ஏற்றுவது?

சுழல்

எதைப் போட்டாலும் கூடுகிறது என்றால் எதைப் போட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை

கீப்பருக்குப் போய்ச் சொல்லுங்கள் அதை. பை அவர் பேரில்தான் நிற்கும்.

மைதான மூலை, இது கூட்டலால் பிடிபடாத வகை. பையும் லெக் பையும் இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மாதிரி நுழைவதால் ஒன்றை மற்றொன்றாக எழுதினாலும் எதுவும் அசையாது. சந்தேகமான அந்த முக்கோணம் எந்தக் கட்டத்தில்?

மைதான மூலை

முதல் பவுலரின் நாலாவது ஓவர். அதிலுள்ள மற்ற ஐந்தும் புள்ளிகள். முக்கோணத்தின் அடிக்கோடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே தெரியவில்லை, எழுதியவர் அவசரத்தில் போட்டிருக்கிறார், மூன்று பக்கமும் வளைந்து கிட்டத்தட்ட வட்டம்போல் இருக்கிறது. வட்டம் இல்லை என்பது மட்டும் உறுதி, உள்ளே 1 இருக்கிறது, மேலே கூர்மையாகத் தெரிகிறது, அதனால் பை என்று எடுத்தேன். பேட்ஸ்மேன் வரியில் எதுவும் இல்லை. அந்த ஓவரை அவர் மெய்டன் என்றுதான் குறித்திருக்கிறார்.

நீலப்பேனா

ஒரு ரன் போன ஓவர் எப்படி மெய்டன்?

கணக்குப்பிள்ளை

பவுலர் கணக்கில் ஒன்றும் ஏறவில்லையே. பை, லெக் பை எத்தனை போனாலும் மெய்டன் மெய்டன்தான். வைடோ நோ பாலோ போட்டால்தான் கெடும். ஆக அந்தக் குறி நோ பால் வட்டம் இல்லை என்பதற்கு அது இன்னொரு சாட்சி. ஆனால் பையா லெக் பையா என்பதற்கு அது உதவாது.

என்னைக் கேட்டால் பெட்டியில் உள்ள 6, 5-ஐ ஏற்றுவேன். அம்பயர் கை காட்டியதும் ஸ்கோரர் பெட்டியில் எழுதும்போது எந்தப் பெட்டி என்று யோசித்துத்தான் எழுத வேண்டும். முக்கோணத்தைத் தலைகீழாகப் போடுவது கை தவறுவது.

நீலப்பேனா

நான் எதிர்ப்பக்கம். கட்டம் பந்து விழுந்த நொடியில் எழுதியது. பெட்டியில் அடுத்தடுத்து இரண்டு சின்னக் கோடு, ஒரு வரி கீழே இறங்கிப் போட்டுவிடுவது ரொம்பச் சுலபம், எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் இங்கே முக்கோணமே தெளிவில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மைதான மூலை

இப்போதைக்கு பை 6, லெக் பை 5 என்று பெட்டியில் உள்ளபடியே ஏற்றி, "முதல் பவுலர் 4-ஆவது ஓவர், ஒரு ரன் பையா லெக் பையா தெளிவில்லை" என்று குறிப்பு வைத்திருக்கிறேன். பேட்டிங்கில் 41, 27 திருத்தியாயிற்று. பவுலிங் இப்படி நிற்கிறது:

```
A  6-1-24-1
B  6-0-31-2
C  6-0-38-1
D  6-1-22-3
E  6-0-37-0
```

பொங்கலுக்கு அவர் வந்ததும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அன்றைக்குக் கீப்பராக நின்றவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "நான் ஒரு பையும் விடவில்லையே" என்கிறார்.